சின்ன இடிக்குப் பிறகு ஏர்பேக் லைட் அணையவில்லை: மாட்யூலை மாற்றவா, ரீசெட் செய்யவா?

சாலைக்காற்று

கோவையில் இருந்து எழுதுகிறேன். கொரிய கம்பெனி ஹேட்ச்பேக், 2019 மாடல், முன்னால் இரண்டு ஏர்பேக். அவிநாசி ரோட்டில் சிக்னல் விழுந்ததும் முன்னால் போன சரக்கு வேன் சட்டென்று நின்றுவிட்டது. நான் பிரேக்கை அழுத்தியும் அதன் பின்பக்க இரும்புக் கம்பியில் போய் இடித்தேன். இடிக்கும்போது வேகம் 20, 25 இருக்கலாம். ஏர்பேக் விரியவில்லை. பம்பர், கிரில், பானட்டின் முனை, ஒரு ஹெட்லைட் போயின. காரில் நான் மட்டும்தான், பெல்ட் போட்டிருந்தேன், அடி எதுவும் இல்லை.

டிங்கரிங், பெயின்ட் எல்லாம் வெளியில் ஒரு பட்டறையில் முடித்துவிட்டேன். ஆனால் ஏர்பேக் லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. பட்டறைக்காரர் ஸ்கேனரில் அழித்துப் பார்த்தார், உடனே திரும்ப வந்துவிட்டது. “ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் லாக் ஆகிவிட்டது, புதிதுதான் போட வேண்டும், இருபதாயிரத்தை ஒட்டி வரும்” என்கிறார். இன்னொருவர் மாட்யூலைக் கழற்றிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கிராஷ் டேட்டாவை அழித்து 3,500 ரூபாய்க்கு ரீசெட் செய்து தருவதாகச் சொல்கிறார். ஏர்பேக்தான் விரியவே இல்லையே, அப்புறம் என்ன லாக்? ரீசெட் செய்தால் போதுமா?

பழைய டீசல்

அண்ணா, காசைக் கொட்டாதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் மாட்டினால் மெமரி காலியாகி லைட் போய்விடும். என் பழைய காரில் ஏபிஎஸ் லைட் அப்படித்தான் போனது.

ஸ்பேனர் செல்வம்

டீசல் அண்ணா சொல்வதில் பாதி சரி. ஏர்பேக் வேலை எதற்கும் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் அது மெமரியை அழிக்க இல்லை. மாட்யூலுக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. இடியில் பேட்டரி வயரே அறுந்துபோனாலும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் மின்சாரத்தை அது சேர்த்து வைத்திருக்கும். அது வடிவதற்காகத்தான் கழற்றிய பிறகு காத்திருக்கச் சொல்கிறார்கள். உங்கள் காருக்கு மேனுவலில் குறைந்தது 3 நிமிடம். கிராஷ் பதிவு இருப்பது வேறு இடத்தில், மின்சாரம் இல்லாமலேயே வருடக்கணக்கில் நிற்கும் மெமரியில். ஒரு ராத்திரி இல்லை, ஒரு மாதம் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் அது போகாது.

சாலைக்காற்று, மாட்யூலைக் கழற்ற இன்னும் யாருக்கும் கொடுக்காதீர்கள். முதலில் ஸ்கேனரில் வந்த எரர் கோடு என்ன என்று சொல்லுங்கள். “ஏர்பேக் ஃபால்ட்” என்று பட்டறைக்காரர் வாயால் சொன்னது போதாது, ஸ்கிரீனை போட்டோ எடுத்துப் போடுங்கள். போனில் புளூடூத் வழியாக இணைக்கும் சின்ன ரீடர்கள் பெரும்பாலும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் மாட்யூலோடு பேசத் தெரிந்த ஸ்கேனராக இருக்க வேண்டும்.

நித்யா திருச்சி

எனக்கும் இதேதான்! போன மாதம் உள்ளே வேக்யூம் போட்டுச் சுத்தம் செய்தார்கள், அன்று மாலையிலிருந்து ஏர்பேக் லைட். நான் எங்கேயும் இடிக்கவே இல்லை. எனக்கும் மாட்யூல் லாக் ஆகியிருக்குமா?

ஸ்பேனர் செல்வம்

இல்லைம்மா, உங்களுடையது வேறு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். வேக்யூம் குழாய் அதை இழுத்துவிட்டிருக்கும். சாவி ஆன் ஆகாமல், பேட்டரி மைனஸைக் கழற்றி, சொன்ன நேரம் காத்திருந்து, லாக் சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேனரில் ஒருமுறை அழித்தால் போய்விடும். இடியே படாத காரில் கிராஷ் பதிவு வராது.

சாலைக்காற்று

இன்று வேறு ஒருவரிடம் போய் படிக்கவைத்தேன். ஸ்கிரீனில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

```
B1361
B1367
B1657
```

முதல் இரண்டுக்கும் பக்கத்தில் “ரெசிஸ்டன்ஸ் டூ ஹை” என்று இருந்தது. மூன்றாவதில் “கிராஷ் ரெக்கார்டட்” என்று ஆரம்பித்து பெல்ட் பற்றி ஏதோ வந்தது. அழித்தார், மூன்றும் உடனே வந்துவிட்டன.

ஸ்பேனர் செல்வம்

நல்ல வேளை படித்தீர்கள். உங்கள் கேள்விக்கு விடை இந்த மூன்று கோடுகளிலேயே இருக்கிறது.

B1361 டிரைவர் பக்க சீட் பெல்ட் பிரிடென்ஷனர், B1367 பக்கத்து சீட்டின் பிரிடென்ஷனர். ஏர்பேக் விரியவில்லை என்றீர்கள், உண்மைதான். ஆனால் பெல்ட் வெடித்திருக்கிறது. பெல்ட் சுற்றும் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கும். இடித்த நொடியில் அது வெடித்து, பெல்ட்டைச் சில அங்குலம் பின்னால் இழுத்து உங்களை சீட்டோடு சேர்த்துப் பிடிக்கும். ஏர்பேக் விரிய வேண்டிய அளவுக்கு இடி பலமாக இல்லை, ஆனால் பெல்ட்டை இறுக்கலாம் என்று மாட்யூல் முடிவு எடுத்த நடுத்தர இடி உங்களுடையது. இப்படி நடப்பது சகஜம். இடி சத்தத்தோடு சத்தமாக இது வெடிப்பதால் பலருக்கும் தெரிவதே இல்லை.

வெடிக்காத குப்பியில் உள்ள மெல்லிய கம்பியின் மின்தடை சுமார் 2 ஓம். வெடித்ததும் கம்பி அறுந்துவிடும், மின்தடை எகிறிவிடும். அதைத்தான் “டூ ஹை” என்கிறது. சாவியைப் போட்ட ஒவ்வொரு முறையும் மாட்யூல் அந்தக் கம்பியைச் சோதித்துப் பார்க்கும், அறுந்திருக்கிறது என்று பார்த்ததும் லைட்டை எரியவிடும். அதனால்தான் ஸ்கேனரில் அழித்ததும் திரும்ப வருகிறது. இது பழைய பதிவு இல்லை, இந்த நிமிடம் இருக்கிற பழுது.

ஒன்று செய்து பாருங்கள். இரண்டு பெல்ட்டையும் மெதுவாக வெளியே இழுத்து, விட்டுப் பாருங்கள். பின்பக்க சீட்டின் பெல்ட் எப்படிச் சுருண்டு போகிறதோ அப்படிப் போகிறதா?

சாலைக்காற்று

டிரைவர் பெல்ட் வருகிறது, ஆனால் உள்ளே மணல் அரைப்பதுபோல ஒரு சத்தம், பாதியில் நின்று நின்று போகிறது. பக்கத்து சீட் பெல்ட் கொஞ்சம் வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இதுவரை அதை யாரும் போடவில்லை, அதனால் கவனிக்கவே இல்லை. அந்த சீட்டில் ஆளே இல்லையே, அது ஏன் வெடித்தது?

ஸ்பேனர் செல்வம்

சில கார்களில் சீட்டில் ஆள் இருக்கிறாரா, பக்கிள் மாட்டியிருக்கிறாரா என்று பார்த்துத்தான் வெடிக்கும். உங்கள் காரில் அந்தக் கணக்கு இல்லை, இரண்டையும் சேர்த்தே கொளுத்திவிட்டது. வீட்டில் யாரும் அந்தப் பக்கம் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பெல்ட்டும் மாறும் வரை.

இப்போது மூன்றாவது கோடு. B1657 என்றால் பெல்ட் பிரிடென்ஷனர் மட்டும் வெடித்த இடி பதிவாகியிருக்கிறது என்று பொருள். ஏர்பேக்கும் முழுதாக விரிந்த இடி என்றால் அந்த இடத்தில் B1670 நின்றிருக்கும். இந்த இரண்டும் ஒன்று இல்லை. B1670 வந்தால் கம்பெனி மேனுவல் மாட்யூலை மாற்றச் சொல்லிவிடும், ஸ்கேனரால் அழிக்க முடியாது. B1657 விஷயத்தில், வெடித்த பெல்ட்டுகளை மாற்றிய பிறகு கோடை அழித்து அதே மாட்யூலைத் தொடர்ந்து ஓட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை முறை என்று மாட்யூல் எண்ணிக்கொண்டே வரும். ஐந்து வரை விடும், ஆறாவது முறை B1658 என்று வேறு கோடு போட்டு அடைத்துவிடும். உங்கள் மாடல், வருடத்துக்கு இதுவேதானா என்று மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் மாட்யூல் சப்ளையர் மாறினால் விதியும் மாறலாம்.

ஆக, இருபதாயிரத்துக்குப் புது மாட்யூலும் வேண்டாம், 3,500க்கு ரீசெட்டும் வேண்டாம். வேண்டியது இரண்டு பெல்ட்.

பழைய டீசல்

பெல்ட் ரெண்டும் சேர்ந்து அதே காசு வந்துவிடுமே. ரீசெட் பண்ணுகிறவரிடமே கொடுத்தால் லைட்டும் அணைந்துவிடும், பெல்ட்டும் எப்படியோ வேலை செய்கிறது.

ஸ்பேனர் செல்வம்

அணையாது அண்ணா. பதிவை மட்டும் அழித்தால் B1657 போகும், அறுந்த கம்பி அப்படியேதான் இருக்கும். சாவி போட்ட சில நொடியில் B1361 வந்து லைட் எரியும். அப்படியும் ஒருவர் லைட்டை அணைத்துக் கொடுத்தார் என்றால், பெல்ட் கனெக்டரில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி மாட்யூலை ஏமாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். பத்து ரூபாய் சாமான். மாட்யூல் “குப்பி நன்றாக இருக்கிறது” என்று நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த இடியில் கட்டளையும் கொடுக்கும், ரெசிஸ்டர் சூடாவதோடு சரி.

காந்திபுரம் கார்த்தி

நான் இந்த மாட்யூல் ரீசெட் வேலைதான் செய்கிறேன், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செல்வம் அண்ணா சொன்னது சரி, இந்தக் கேஸில் ரீசெட் தேவையில்லை. என்னிடம் வந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் ரீசெட் என்றாலே ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஏர்பேக் விரிந்த காரில் மாட்யூலுக்குள் என்ன நடக்கிறது என்றால், சர்க்யூட் போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன மெமரி சிப், அல்லது புதிய கார்களில் புராசஸருக்குள்ளேயே ஒரு பகுதி, அங்கே இடியின் விவரம் எழுதப்பட்டு, கூடவே “இனி இயங்காதே” என்ற அடையாளமும் விழும். நான் முதலில் அதில் உள்ளதை முழுதாக வாசித்து ஒரு நகலை எடுத்து வைப்பேன். பிறகு இடி பதிவான பகுதியை மட்டும் சுத்தம் செய்து, செக்சம் சரியாக வருகிறதா பார்த்து, அதே சிப்பில் எழுதுவேன். காரின் சேசிஸ் நம்பர், எத்தனை ஏர்பேக், எந்த வேரியன்ட் என்ற விவரங்களில் கை வைக்க மாட்டேன்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், இந்தப் பொறுமை இல்லாமல் நெட்டில் கிடைத்த வேறு காரின் ஃபைலை அப்படியே மேலே எழுதிவிடுவார்கள். இரண்டு ஏர்பேக் காருக்கு ஆறு ஏர்பேக் காரின் ஃபைல் போனால், இல்லாத பக்க ஏர்பேக்கைத் தேடி லைட் எரியும், அது உடனே மாட்டிக்கொள்ளும். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. ஆறு ஏர்பேக் காருக்கு இரண்டு ஏர்பேக் ஃபைல். லைட் அழகாக அணைந்துவிடும், பக்க ஏர்பேக்குகளை மாட்யூல் மறந்தே போயிருக்கும். எவரிடம் கொடுத்தாலும் பழைய ஃபைலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவர் அதை எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பேனர் செல்வம்

கார்த்தி, நீங்கள் ஒழுங்காகச் செய்கிறவர் என்று தெரிகிறது. ஆனாலும் ஏர்பேக் விரிந்த மாட்யூலை ரீசெட் செய்து போடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெமரியைச் சுத்தம் செய்யலாம், அந்த இடியில் போர்டு பட்ட அடியை யார் சுத்தம் செய்வது? உள்ளே இருக்கும் அதிர்வு சென்சார், சால்டர் இணைப்பு, வெடிக்கவைக்கும் சர்க்யூட் எல்லாம் ஒருமுறை வேலை செய்து முடித்தவை.

காந்திபுரம் கார்த்தி

வெடிக்கவைக்கும் கரன்ட் அப்படி ஒன்றும் மலை இல்லை அண்ணா. ஒரு குப்பிக்கு 1.2 ஆம்பியர், 2 மில்லி நொடி, அவ்வளவுதான். அந்த சர்க்யூட் அதற்கென்றே செய்யப்பட்டது. பெல்ட் மட்டும் வெடித்தால் அதே மாட்யூலை ஐந்து முறை ஓட்டலாம் என்று கம்பெனியே சொல்கிறதென்றால், அதே சர்க்யூட் வகைதானே ஏர்பேக்குக்கும்?

ஸ்பேனர் செல்வம்

கேள்வி நியாயமானது. ஆனால் ஏர்பேக் விரிகிற இடி என்பது பெல்ட் மட்டும் வெடிக்கிற இடியை விடப் பலமானது, கரன்ட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. வெடித்து முடிந்த வயர் ஷார்ட் ஆகி பாடியைத் தொட்டுவிட்டாலும் கதை வேறு. சாவி போட்டதும் மாட்யூல் தன்னைத்தானே சோதிப்பது எல்லாவற்றையும் பார்த்துவிடாது, நிஜமாக வெடிக்கவைத்துப் பார்க்க அதனால் முடியாதே. சரி, இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுவோம்.

ஏரிக்கரைத் தமிழன்

அமெரிக்காவில் மிச்சிகனில் பாடி ஷாப் எஸ்டிமேட் போடும் வேலை. ஒன்றை யாரும் சொல்லவில்லை. ரீசெட் செய்வதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் தகராறு, போலீஸ் கேஸ் எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிராஷ் பதிவில் வெறும் “இடித்தது” என்பது மட்டும் இல்லை. இங்கே விற்கும் கார்களில் அந்தப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று 49 CFR Part 563 என்ற விதி இருக்கிறது. இடிக்கு முந்தைய 5 நொடிகளில் வேகம் என்ன, பிரேக் மிதித்தாரா, டிரைவர் பெல்ட் போட்டிருந்தாரா, இடியில் வேகம் எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் அதில் வரும். 150 மில்லி நொடிக்குள் வேகம் 8 கி.மீ. மாறினாலே பதிவு ஆரம்பிக்கலாம். ஏர்பேக் விரியாத சின்ன இடியின் பதிவை அடுத்த இடி மேலே எழுதி அழித்துவிடும். விரிந்த இடியின் பதிவை எதுவும் அழிக்காதபடி பூட்டிவிடுவார்கள். மாட்யூல் ஏன் லாக் ஆகிறது என்று கேட்டீர்களே, ஒரு காரணம் இது. சாட்சியைக் கலைக்கக் கூடாது.

அந்த டேட்டா வண்டி உரிமையாளருடையது என்று 2015இல் தனிச் சட்டமே வந்தது. கோர்ட் உத்தரவு, உரிமையாளர் சம்மதம் மாதிரி சில வழிகளில்தான் மற்றவர் எடுக்கலாம்.

சாலைக்காற்று

ஐயோ, அப்போது நான் எத்தனை வேகத்தில் இடித்தேன் என்று இன்ஷூரன்ஸ்காரர் பார்த்துவிடுவாரா?

ஏரிக்கரைத் தமிழன்

சாதாரண ஸ்கேனரில் அது தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். வேக விவரத்தை எடுக்க தனிக் கருவி வேண்டும், இங்கே பெரும்பாலும் பாஷ் கம்பெனியின் சி.டி.ஆர். கருவி. அதுவும் எல்லா நாட்டு மாடலையும் படிக்காது. நீங்கள் சிக்னலில் பம்பர் இடித்ததற்கு யாரும் அதைத் தேடி வரப் போவதில்லை. உங்களுக்கே சாதகமாகவும் அது இருக்கலாம், பிரேக் மிதித்தது பதிவாகியிருந்தால்.

மதுரை சர்வேயர்

இன்ஷூரன்ஸ் பக்கம் நான் சொல்கிறேன். டிங்கரிங்கை வெளியில் முடித்துவிட்டேன் என்கிறீர்கள். கிளெய்ம் போட்டீர்களா? போடாமல் முடித்திருந்தால் இப்போது பெல்ட்டுக்கு மட்டும் கேட்பது கஷ்டம். சர்வேயர் வண்டியை இடித்த நிலையில் பார்த்திருக்க வேண்டும்.

சாலைக்காற்று

கிளெய்ம் போட்டேன் சார். சர்வேயர் பார்த்துவிட்டுத்தான் வேலை ஆரம்பித்தது. ஆனால் அப்போது பெல்ட் பற்றி யாரும் பேசவில்லை, லைட் எரிவது மட்டும் அவர் எடுத்த போட்டோவில் இருக்கிறது.

மதுரை சர்வேயர்

அந்த போட்டோ போதும். கோடுகளின் பிரின்ட், பெல்ட் விலைக்கு ஒரு எஸ்டிமேட், இரண்டையும் வைத்து கூடுதல் பாகங்களுக்கு அனுமதி கேளுங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றியதும் தூக்கிப் போடாதீர்கள், மறு பார்வைக்குக் கேட்பார்கள். ஒரு விஷயம், ஜீரோ டெப் பாலிசியா? இல்லையென்றால் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெல்ட்டை நைலான் என்று பாதியைக் கழிப்பாரா, அல்லது உலோக பாகம் என்று வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பாரா என்பது அவர் எழுதுகிற விதத்தைப் பொறுத்தது. நான் இரண்டு மாதிரியும் பார்த்திருக்கிறேன்.

ஸ்பேனர் செல்வம்

பெல்ட் மாற்றும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி 3 நிமிடம் கழித்துத்தான் பில்லரில் உள்ள பிளாஸ்டிக் டிரிம்மைக் கழற்ற வேண்டும். பிரிடென்ஷனரின் மஞ்சள் கனெக்டரைக் கழற்றியதும் அதற்குள் இருக்கும் ஒரு பித்தளைப் பட்டை இரண்டு பின்னையும் ஒன்றாக இணைத்துவிடும். ஸ்டேட்டிக் மின்சாரத்தில் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. புதுக் குப்பியை மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், விடாதீர்கள். மீட்டர் அனுப்பும் கரன்ட்டிலேயே வெடிக்க வாய்ப்பு உண்டு.

செகண்ட் ஹேண்ட் பெல்ட் வேண்டாம். உடைத்த காரிலிருந்து வந்ததில் குப்பி வெடித்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்வது கடினம், ஈரத்தில் கிடந்ததா என்பதும் தெரியாது. புது பெல்ட்டின் அடிப்பக்கம் தைத்திருக்கும் துணி லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். உங்கள் கார் 2019. லேபிளிலும் 2019 இருந்தால் அது உங்கள் பழைய பெல்ட்டே, அல்லது வேறு காரிலிருந்து வந்தது.

பெல்ட் மாட்டி, பேட்டரி இணைத்து, முதலில் எதையும் அழிக்காமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அப்போது B1361, B1367 இரண்டும் பழைய பழுது என்று மாறியிருக்க வேண்டும், B1657 மட்டும் அப்படியே நிற்கும். அந்த ஸ்கிரீனைப் போட்டோ எடுங்கள். அதற்குப் பிறகு அழித்தால் மூன்றும் போய்விட வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் எது போனது, எது நிற்கிறது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்த பாவித்த வாகனம். இதை வாசித்தபிறகுதான் யோசித்தேன், எனக்கு ஏர்பேக் லைட் எரிந்ததே இல்லை. திறப்பைப் போடும்போதும் எரிவதில்லை. அப்படியென்றால் எல்லாம் சரிதானே?

ஸ்பேனர் செல்வம்

சரி இல்லை. அதுதான் எனக்குப் பயம் தருகிற வாகனம். சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் சில நொடி எரிந்து, பிறகு அணைய வேண்டும், பல கார்களில் சுமார் 6 நொடி. எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், கருப்பு டேப் ஒட்டியிருக்கலாம், மீட்டரில் இணைப்பை வெட்டியிருக்கலாம். பேட்டரி லைட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அப்போது இரண்டும் ஒரே சமயத்தில் அணையும். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள், பேட்டரி லைட் எரிந்துகொண்டே இருக்கும்போது ஏர்பேக் லைட் தனியாக அணைய வேண்டும். உங்களுக்கு எரிவதே இல்லை என்பதால் கராஜில் ஸ்கேன் செய்து மாட்யூல் பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது வண்டியின் நிலையை எழுதிய ஏலத் தாளின் நகல் கிடைத்தால் அதையும் பாருங்கள், திருத்திய வாகனம் என்றால் R அல்லது RA என்று தரம் போட்டிருப்பார்கள்.

வல்லைவெளி

ஏலத் தாளை விற்றவர் தரவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

சாலைக்காற்று

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஸ்பேர் வரத் தாமதமானது. இரண்டு பெல்ட்டும் புதிது மாட்டினோம், லேபிளில் தேதி பார்த்தேன். செல்வம் அண்ணா சொன்ன மாதிரியே முதல் ஸ்கேனில் B1657 மட்டும் நின்றது, அழித்ததும் போய்விட்டது. மாட்யூலை யாரும் தொடவில்லை. லைட் 6 நொடியில் அணைந்தது.

ஆனால் கதை முடியவில்லை. போன வாரம் மழையில் பொள்ளாச்சி போய் வரும்போது திரும்ப எரிந்தது. காலையில் அணைந்திருந்தது, சாயங்காலம் மறுபடி. இப்போது பெல்ட் கோடு எதுவும் இல்லை, கிராஷ் கோடும் இல்லை. முன்பக்க இம்பாக்ட் சென்சாரோடு தொடர்பு இல்லை என்று வருகிறது. இதுவும் அந்த இடியால்தானா?

ஸ்பேனர் செல்வம்

இடியாலும் இருக்கலாம், இடிக்குப் பிறகு நடந்த வேலையாலும் இருக்கலாம். அந்த சென்சார் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். உங்கள் இடி விழுந்ததே அங்கேதான். வந்து வந்து போகிறது, மழையில் அதிகம் என்றால் முதலில் கனெக்டரைத்தான் சந்தேகப்படுவேன். லாக் நாக்கு உடைந்திருக்கிறதா, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் மாட்டிய தகடு வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். சென்சார் நேராக முன்னால் பார்க்காவிட்டால் அடுத்த இடியின் பலத்தைத் தப்பாக எடை போடும்.

காந்திபுரம் கார்த்தி

இதே விஷயம் மாட்யூலுக்கும் உண்டு. மேலே ஒரு அம்புக்குறி இருக்கும், அது காரின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மூன்று போல்ட்டும் முழு டைட். ரீசெட்டுக்குக் கழற்றிய மாட்யூலை “டெஸ்ட் செய்து பார்ப்போம்” என்று சும்மா கனெக்டரை மட்டும் சொருகி, சீட்டில் வைத்துச் சாவி போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கை தவறி அது கீழே விழுந்தால் மாட்யூல் அதை இடி என்று நினைத்துக்கொள்ளலாம்.

சாலைக்காற்று

பம்பரைக் கழற்றிப் பார்த்தாயிற்று. தகடு நேராக இருக்கிறது. கனெக்டரின் நாக்கு உடைந்து, அதைப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஈரம். வயரோடு கூடிய புது கனெக்டர் துண்டு வாங்கி மாட்டியிருக்கிறார்கள், லைட் இப்போதைக்கு இல்லை. இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மதுரை சார், பெல்ட்டுக்கு அனுமதி வந்துவிட்டது, நைலான் என்று பாதியைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறார். கேட்டால் “பெல்ட் துணிதானே” என்கிறார்.

மதுரை சர்வேயர்

பில்லில் பெல்ட் அசெம்பிளி என்று ஒரே வரியில் இருக்கிறதா பாருங்கள். அதில் ரிட்ராக்டர், பிரிடென்ஷனர் எல்லாம் உலோகம், துணி ஒரு பகுதிதான். பாக எண்ணோடு ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது.